ஆறாவது நெடுவரிசை காலியாக இருந்தாலும்

ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தானா வரவில்லையா என்பது அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. பெற்றவர்கள் கையிலும் இல்லை. வகுப்பில் நின்று பெயர் கூப்பிடும் ஆசிரியர் கையில்கூட இல்லை. அது அலுவலகத்தின் கையில் இருக்கிறது. அலுவலகம் வந்தான் என்றால் வந்தான். வரவில்லை என்றால், அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாலும் வரவில்லை.

இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்தவர் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் ஹெட் கிளார்க். அறிவித்த இடம் அலுவலக அறை, ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே. அப்போது அவர் கையில் டீ இருந்தது. கேட்டவர் டைப்பிஸ்ட் அக்கா ஒருவர்தான். அவரும் காதில் ஒரு பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

ஹெட் கிளார்க்குக்குப் பள்ளியில் 'சுருக்கம்' என்று பெயர். காலியிடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. காகிதத்தில் இரண்டு விரற்கடை வெள்ளை தெரிந்தால், யாரோ குழாயை மூடாமல் போய்விட்ட மாதிரி துடிப்பார். அறிவியல் ஆசிரியர் ஓய்வுபெற்றபோது தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கப் பாராட்டு மடல், சுருக்கம் சார் கைப்பட்டு வெளியே வந்தபோது இப்படி இருந்தது: 'நன்றி. ஆய்வகச் சாவியை ஒப்படைக்கவும்.' ஆசிரியர் அதை பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

அவருடைய மகன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. மகன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று அவர் ஒருநாளும் வீட்டில் கேட்டதில்லை. கேட்பானேன்? அலுவலகமே அவர்தான்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணக்கு டீச்சரின் கடிதம் வந்தது.

கணக்கு டீச்சரிடம் பத்தாம் வகுப்பின் தேர்வுத் தகுதிப் பட்டியல் இருந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அலுவலகம் வருகைப் பதிவு மென்பொருளிலிருந்து ஒரு கோப்பை இறக்கி அவருக்கு அனுப்பும். அவர் அதைத் தன்னுடைய ஷீட்டில் ஒட்டுவார். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஷீட்டே பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் சுருக்கம் சார் கோப்பை அப்படியே அனுப்பமாட்டார். திறந்து, 'அழகுபடுத்தி', சேமித்து அனுப்புவார். அதற்கு முந்தைய மாதம் அவர் அழகுபடுத்தியதில் பத்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவு, அதாவது 10-2, முழுவதும் பிப்ரவரி பத்தாம் தேதியாகிவிட்டது.

கடிதத்தை சுருக்கம் சார் சத்தமாகவே வாசித்தார். டைப்பிஸ்ட் அக்கா இரண்டாவது காதையும் விடுவித்துக்கொண்டார்.

'அலுவலகத்தாருக்கு வணக்கம்.

மாதாந்திர வருகை ஏற்றுமதி தொடர்பாக. என் ஷீட் தலைப்பைப் படிக்காது. இடத்தைத்தான் எண்ணும். ஆகவே கீழ்க்கண்ட எட்டு நெடுவரிசைகளும் இதே ஒழுங்கில், மாதாமாதம் மாறாமல் வர வேண்டும்.

ஒன்று, சேர்க்கை எண். ஆறு இலக்கம். முன்னால் உள்ள சுழியங்கள் இருக்க வேண்டும். எண்ணாக அல்ல, எழுத்தாகச் சேமிக்கவும். 004172 என்பவரை 4172 என்று அனுப்பினால் அப்படி ஒரு மாணவர் எங்களிடம் இல்லை. இரண்டு, வகுப்பும் பிரிவும். இதையும் எழுத்தாகவே சேமிக்கவும். இல்லாவிட்டால் கணினி தேதியாக்கிவிடும். மூன்று, பெயர். நான்கு, பள்ளி நடந்த நாட்கள். ஐந்து, வந்த நாட்கள். ஆறு, மருத்துவ விடுப்பு. ஏழு, அனுமதியின்றி வராத நாட்கள். எட்டு, குறிப்பு.

ஒரு நெடுவரிசை முழுக்கக் காலியாக இருந்தாலும் அதை நீக்க வேண்டாம். அதன் இடத்தில் அது இருக்கட்டும். முடிந்தால் காலியான கட்டங்களில் 0 இடவும்.

மேலே பள்ளி முத்திரை, கீழே மொத்தம், நடுவில் வண்ணம், இணைத்த கட்டங்கள் ஆகியவை வேண்டாம். பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்த வேண்டாம்; பெயர்கள் நகரும், மற்றவை நகரா.

அன்புடன்,
பத்தாம் வகுப்புத் தேர்வுத் தகுதிப் பொறுப்பு.'

"முடிஞ்சுதா சார்?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"எங்க முடிஞ்சுது? இது கடிதமா, கல்யாணத்துல பந்தி போடுற பட்டியலா? யார் பக்கத்துல யார் உக்காரணும், யார் நடுவுல யார் வரக் கூடாது..." சுருக்கம் சார் தாளைத் தூக்கிப் பிடித்தார். "காலியா இருந்தாலும் இடம் விட்டு வைக்கணுமாம்! வராத விருந்தாளிக்கு இலை போட்டு, தண்ணி தெளிச்சு, பக்கத்துல நின்னு விசிறவும் சொல்லுவாங்க போல."

"ஆனா சார், அவங்க ஷீட்டு இடத்தத்தான் எண்ணும்னு..."

"ஏம்மா, இடத்த எண்ணுறதுக்கு எதுக்கு ஷீட்டு? நாற்காலிய எண்ணுற பியூனே போதுமே! படிச்சவங்க தலைப்பைப் பாப்பாங்க. மருத்துவ விடுப்புன்னா மருத்துவ விடுப்பு, வரலன்னா வரல. கண்ணு எதுக்கு இருக்கு?"

"கண்ணு நமக்கு இருக்கு சார். ஷீட்டுக்கு இல்லையே."

"நீ டீச்சர் கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல. எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு."

கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. சுருக்கம் சார் அதை நான்காகக் கிழித்து, தொலைபேசிக் குறிப்பெழுதும் தாளாக மேஜைமேல் வைத்துக்கொண்டார். வீணாகக்கூடாது அல்லவா.

மாதக் கடைசி வந்தது. அந்த மாதம் பத்தாம் வகுப்பில் ஒருவரும் மருத்துவச் சான்று கொண்டுவரவில்லை. சான்று இருந்தால்தான் மருத்துவ விடுப்பு. இல்லாவிட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் 'அனுமதியின்றி'தான். மென்பொருளுக்கு ஒரு வழக்கம், பூஜ்யம் என்றால் எழுதாது, வெறுமே விட்டுவிடும். ஆகவே ஆறாவது நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

சுருக்கம் சார் கோப்பைத் திறந்தார். வெள்ளையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கருணை படர்ந்தது. இருந்தாலும் அவர் நியாயவான். டீச்சர் சொன்னதில் பாதியைக் கேட்பது என்று முடிவு செய்தார். சேர்க்கை எண்களின் சுழியங்களை விட்டுவைத்தார். பிப்ரவரியைத் தவிர்த்தார். வண்ணம் அடிக்கவில்லை. ஆறாவது நெடுவரிசையின் தலையில் ஒரே ஒரு தடவை சொடுக்கி, நீக்கினார்.

ஏழாவது நெடுவரிசை ஒரு சத்தமும் இல்லாமல் ஆறாவது இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தது. காலியான குறிப்பு நெடுவரிசை, ஓரத்தில் கிடந்ததால் அவர் கண்ணில் படாமல் தப்பி, ஏழாவதாயிற்று.

கணக்கு டீச்சர் கோப்பை ஒட்டினார். அவருடைய ஷீட்டில் ஒரு சரிபார்ப்பு உண்டு. வந்த நாள், மருத்துவ விடுப்பு, அனுமதியின்றி வராதது, மூன்றும் சேர்ந்து பள்ளி நடந்த நாட்களுக்குச் சமமாக வரவேண்டும். வந்தது. எண்கள் எல்லாம் சரி, உட்கார்ந்த இடம்தான் வேறு. கூட்டலுக்கு யார் எங்கே உட்கார்ந்தால் என்ன? ஷீட் பச்சை விளக்கு காட்டியது. அந்த மாதம் பத்தாம் வகுப்பில் அனுமதியின்றி வராதவர் எவருமில்லை. கட் அடித்த பதினோரு பேரும் நோயாளிகளாகிவிட்டார்கள்.

அடுத்த கட்டம் அலுவலகத்தின் நடைமுறை. மருத்துவ விடுப்பு உள்ளவர்களின் பெயர்கள் அலுவலகத்துக்கு வரும்; சான்றின் அசலைக் கேட்டுப் பெற்றோருக்குக் கடிதம் போகும். டைப்பிஸ்ட் அக்கா பதினோரு கடிதம் அச்சடித்து மேஜையில் வைத்தார். சுருக்கம் சார் டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடும்போது படிப்பது அவர் பழக்கமல்ல. அது நேர விரயம்.

ஒன்பதாவது கடிதத்தில் அவர் பேனா ஓடியபோது டைப்பிஸ்ட் அக்கா லேசாக இருமினார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? வீட்ல நர்ஸே இருக்கா."

"அதான் சார் கேட்டேன்," என்றார் அக்கா. கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுருக்கம் சாரின் மனைவி பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ். பதினெட்டு வருட அனுபவம். ஆள் நடந்து வருவதைப் பார்த்தே ரத்த அழுத்தம் சொல்வார். மூன்றாம் நாள் தபாலில் வந்த கடிதத்தை அவர்தான் பிரித்தார். சுருக்கம் சார் வீட்டுக்குள் காலை வைத்தபோது, அவர் அந்தக் கடிதத்தைக் கூடத்து மேஜைமேல், உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"யாருக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நம்ம பையன் போன மாசம் ஆறு நாள் நோயா கெடந்தானாம். டாக்டர் சர்டிபிகேட் அனுப்பணுமாம். கீழ கையெழுத்து நல்லா தெரிஞ்ச கையெழுத்தா இருக்கு."

சுருக்கம் சார் கடிதத்தைப் பார்த்தார். கையெழுத்தை மறுக்க முடியாது. அந்த மாதிரி ஒரு சுழி வேறு யாராலும் போட முடியாது.

"என் வீட்ல ஒரு நோயாளி," என்றார் மனைவி, "எனக்குத் தெரியாம. ஆறு நாள். நான் ஊரெல்லாம் ஊசி போட்டுட்டு வரேன், இங்க பெத்த புள்ள படுக்கையில கெடந்திருக்கான். தினமும் டிபன் பாக்ஸைக் கட்டிக் குடுத்து அனுப்பி வச்சிருக்கேன். பாக்ஸு காலியாத்தான் திரும்பி வந்துது. நோயாளிக்கு நல்ல பசி."

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்."

"கம்ப்யூட்டரை யாரு பாத்துக்கிறாங்க?"

இதற்கு ஒரு சுருக்கமான பதில் இருந்தது. சுருக்கம் சார் அதையும் சுருக்கிவிட்டு, பையனைக் கூப்பிட்டார்.

பையன் வந்தான். உயரமான, ஆரோக்கியமான பையன். கடிதத்தைப் பார்த்ததும் அவனுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிடும்போல இருந்தது. ஆனால் 'மருத்துவ விடுப்பு' என்ற சொல்லைப் படித்ததும் குழம்பிவிட்டான். அவன் எதிர்பார்த்து வைத்திருந்த குற்றம் வேறு.

"எங்கடா போன ஆறு நாளு?"

"ஆத்துப் பாலத்துக்கிட்ட."

"அங்க என்ன?"

"கிரேன் பாத்தேன்."

"ஆறு நாளா?"

"அது மெதுவாத்தான்ப்பா தூக்கும்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது. தோள் மட்டும் குலுங்கியது. சுருக்கம் சாருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒன்று உறைத்தது: பையன் ஆறு நாள் வரவில்லை என்பது உண்மை. நோய் மட்டும்தான் பொய். அப்படியானால் அந்த ஆறு, எங்கேயிருந்தோ எங்கேயோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக மென்பொருளில் பையனுடைய பக்கத்தைத் திறந்தார். மருத்துவ விடுப்பு: வெள்ளை. அனுமதியின்றி: ஆறு. பக்கத்தில், தான் அனுப்பிய கோப்பைத் திறந்தார். விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழோடு முடிந்தது. மறுபடி எண்ணினார். விரல் குறைகிறதோ என்று மற்றக் கையாலும் எண்ணிப் பார்த்தார்.

பிறகு அவர் இன்னொன்றையும் பார்த்தார். ஜூனிலிருந்து இதுவரை பையனின் வருகை ஏற்கெனவே தளர்ச்சி. அத்தை வீட்டு விசேஷம், மழை, சைக்கிள் பஞ்சர் என்று விட்டது கொஞ்சமல்ல. இந்த ஆறும் மருத்துவ விடுப்பு என்றால் அவன் தப்பித்தான். மருத்துவ விடுப்பு கணக்கில் கழிந்துவிடும். அனுமதியின்றி என்றால் எழுபத்தைந்துக்குக் கீழே விழுந்துவிடுவான். தேர்வு எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் அந்த மாதம் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிப் பெற்றோர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அந்தத் தலைமையாசிரியர் இதுவரை இரண்டு பேரை மன்னித்திருக்கிறார். இரண்டு பேரும் வேறு பள்ளிக்குப் போனவர்கள்.

சுருக்கம் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காலியிடத்தை நீக்கியதால் ஒரு நன்மை விளைந்திருந்தது. அதுவும் சொந்த வீட்டுக்கு. அவர் கோப்பை மூடினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தார்.

"உங்க கிளினிக் டாக்டர் நல்ல மனுஷன் இல்ல?"

"ரொம்ப நல்லவரு. எதுக்கு?"

"சும்மா. ஒரு சின்ன சர்டிபிகேட்டுன்னா..."

"என்ன வியாதின்னு போடச் சொல்லட்டும்? கிரேன் ஜுரமா?"

"எல்லாரும் குடுக்குறாங்க. நம்மளத் தவிர பத்துப் பேருக்கு வந்திருக்கு லெட்டர். ஒம்பது பேர் சர்டிபிகேட் கொண்டுவந்து குடுத்துட்டாங்க."

இது உண்மை. இரண்டே நாளில் ஒன்பது சான்றுகள் வந்திருந்தன. பிள்ளை ஊர் சுற்றினான் என்று தெரியவந்த ஒன்பது பெற்றோரும், பள்ளியே முன்வந்து 'நோய்' என்று எழுதிக் கொடுத்ததைக் கடவுளின் கருணையாக எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல் என்று போட்டால் எந்தக் காய்ச்சல் என்று கேட்பார்கள். ஆகவே ஒன்பதில் எட்டு, வயிற்றுப்போக்கு.

"அந்த டாக்டர் கையெழுத்த நான் தினமும் பாக்குறேன்," என்றார் மனைவி. "அதுக்குக் கீழ பொய் இருந்தா எனக்கு வயித்தக் கலக்கும். அப்பறம் எனக்கும் ஒரு சர்டிபிகேட் வேணும். ரெண்டா வாங்கிட்டு வரவா?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

எட்டு வயிற்றுப்போக்கு என்பது சாதாரண விஷயமல்ல. தலைமையாசிரியர் காகிதத்தில் உள்ளதை நம்புகிறவர். அடுத்த நாள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. குழாய்களுக்குப் பூட்டுப் போடப்பட்டது. மதியம் கேன்டீன் கதவில் ஒரு அறிவிப்பு தொங்கியது. தலைமையாசிரியர் எழுதியது முக்கால் பக்கம். அலுவலகத்தின் வழியாக வந்ததால் மூன்று சொல்லாகிவிட்டது: 'மறு உத்தரவுவரை மூடல்.'

கேன்டீன் நடத்துகிற அம்மா நேரே அலுவலகத்துக்கு வந்தார். கையில் கரண்டி இருந்தது. மிரட்டுவதற்கல்ல, கீழே வைக்க மறந்துவிட்டார்.

"சார், என் சாப்பாட்டுல என்ன சார் குத்தம்? எட்டுப் புள்ளைங்களுக்கு வயித்தால போச்சாமே. நேத்து நீங்களும்தான் சாப்பிட்டீங்க. முந்தாநேத்தும் சாப்பிட்டீங்க. உங்களுக்குப் போச்சா?"

"எனக்கு இல்லம்மா."

"அப்ப எழுதிக் குடுங்க. எனக்குப் போகலன்னு ஒரு லெட்டர்."

டைப்பிஸ்ட் அக்கா மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"அந்த எட்டுல ரெண்டு பேரு என்கிட்ட வந்து தின்னதே இல்ல சார்," என்றார் கேன்டீன் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "காலையில கேட்டைத் தாண்டிப் போறதைத்தான் பாப்பேன். ஆத்துப் பக்கம். உங்க பையனும் கூடப் போவான். உங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். அப்பறம் எல்லாம் தெரிஞ்ச ஆபீஸ் ஆச்சே, தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் போன பிறகும் அறையில் எண்ணெய் வாசனை கொஞ்சம் நின்றது.

மாலை மூன்று மணி வாக்கில் கணக்கு டீச்சர் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற பெண். கையில் ஒரு சின்ன ஸ்கேல் இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

"சார், ஒரு சந்தேகம். ஒம்பது சான்றுலயும் தேதி பாத்தேன். எல்லாம் நம்ம லெட்டர் போனதுக்கப்பறம் போட்டதா இருக்கு. நோய் முன்னாடி, சான்று பின்னாடி. நடக்கலாம். ஆனா ஒம்பதும் அப்படியேவா?"

"டாக்டருங்க பிஸியா இருந்திருப்பாங்க."

"இருக்கலாம்." டீச்சர் மேஜையைப் பார்த்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் அவருடைய கடிதத்தின் கால்பகுதி கிடந்தது. ஒரு பக்கம் 'நீக்க வேண்டாம். அதன் இடத்தில்' என்று அச்சு. மறுபக்கம் 'கேஸ் சிலிண்டர், மாலை 4' என்று சுருக்கம் சாரின் கையெழுத்து. டீச்சர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என் ஷீட்டுல கூட்டல் எல்லாம் சரியா வருது. அதனால தப்பு என் பக்கம் இருந்தா எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடிருவேன். அதுக்குள்ள நீங்க அந்தக் கோப்பை ஒரே ஒரு தடவை பாத்துட்டுத் திருப்பி அனுப்பினா நல்லாருக்கும். அப்படியே சரின்னா, அப்படியே அனுப்புங்க. நீங்க அனுப்புறதுதான் எனக்குக் கணக்கு."

"நான் அனுப்புறதுதானா?"

"ஆமா சார். புள்ள வந்தானா வரலயான்னு நாங்களா முடிவு பண்றது? ஆபீஸ்தானே."

டீச்சர் கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியாது. அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. டைப்பிஸ்ட் அக்கா மட்டும் மிகுந்த கவனத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் சுருக்கம் சார் அலுவலகத்துக்கு நேராக வரவில்லை. ஆற்றுப் பாலத்துப் பக்கம் போனார். கிரேன் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அதுவும் பையன் அவிழ்த்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளத்தான். இருந்தது. தகர வேலியில் ஒரு ஓட்டை, பையனின் கண் உயரத்தில். சார் கொஞ்சம் எம்பிப் பார்த்தார். ஒரு இரும்பு உத்தரம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு மேலே போனது. கீழே ஒருவர் கையை ஆட்டினார், உத்தரம் கொஞ்சம் நின்றது, கொஞ்சம் இடப்பக்கம் வந்தது, மறுபடி நின்றது. அது போய் உட்காரும்வரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அது மெதுவாகத்தான் தூக்கியது.

அலுவலகத்துக்கு வந்தபோது வருகைக் கருவி அவர் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'தாமதம்' என்றது. எங்கே போனீர்கள் என்று டைப்பிஸ்ட் அக்கா கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் அறை காலியானதும் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். டீச்சரின் கடிதத்தை நான்காகக் கிழித்ததில் ஒன்று தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தது. இழுப்பறையில் இருந்த ஒன்றில் பால்காரர் கணக்கு இருந்தது. ஒன்றை டீ டம்ளருக்கு அடியில் வைத்திருந்ததால் நடுவில் வட்டமாக ஒரு கறை. நான்காவது குப்பைக் கூடையின் அடியில் இருந்தது. அதற்கு அவர் மண்டியிட வேண்டியிருந்தது. நான்கையும் மேஜைமேல் சேர்த்து வைத்து, பசை நாடாவால் ஒட்டினார். கடிதம் கொஞ்சம் கோணலாக வந்தது. படிக்க முடிந்தது.

மென்பொருளிலிருந்து கோப்பைப் புதிதாக இறக்கினார். கடிதத்தில் ஒரு விரல், விசைப்பலகையில் ஒரு விரல். முதல் நெடுவரிசை: ஆறு இலக்கம், எழுத்தாக. சுழியங்கள் இருந்தன. இரண்டாவது, எழுத்தாக. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக நின்றது.

அதை நீக்கவில்லை. முதல் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். இரண்டாவதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் கைதட்டு வாங்கியதே அதற்குத்தான். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். பையனின் வரி வந்தது. அங்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு இலக்கம்தான், அதற்குப் போய் அவ்வளவு நேரம். பிறகு அதிலும் பூஜ்யம் போட்டார். பக்கத்துக் கட்டத்தில் ஆறு அப்படியே இருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கூடவே தலைமையாசிரியருக்கு ஒரு குறிப்பு: 'சென்ற மாத ஏற்றுமதியில் ஆறாவது நெடுவரிசையை நான் நீக்கியதால் பதினோரு மாணவர்கள் தவறாக நோயுற்றனர். கேன்டீனைத் திறக்கலாம். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது மேலும் சுத்தம்.' இது அவர் எழுதிய குறிப்புகளிலேயே நீளமானது. ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை.

அடுத்தது பெற்றோர் விண்ணப்பம். அதற்கென்று அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. அவரே சுருக்கியது. 'காரணம்' என்பதற்கு எதிரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் இருந்தது. அந்தப் படிவத்தைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

இடைவேளை முடிந்து வந்த டைப்பிஸ்ட் அக்கா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தாளில் எட்டு நெடுவரிசை. முதலில் சேர்க்கை எண், முன்னால் இரண்டு சுழியத்தோடு. வகுப்பு. பெயர். தேதி. வீட்டிலிருந்து கிளம்பிய நேரம். மருத்துவக் காரணம். உண்மையான காரணம். குறிப்பு. கீழே ஆறு வரிகள். உண்மையான காரணத்தின் கீழ் ஆறு தடவையும் 'கிரேன்' என்று எழுதியிருந்தது. 'மேற்படி' என்றுகூடப் போடவில்லை. மருத்துவக் காரணத்தில் வரிசையாக ஆறு பூஜ்யம். குறிப்பு மட்டும் ஒன்றுமில்லாமல் வெள்ளையாக இருந்தது.

"யாருக்கு சார் இது?"

"தலைமையாசிரியருக்கு. அவர் வழியா டீச்சருக்கு."

"மன்னிப்பாரா?"

"தெரியலம்மா."

"நான் வேணா டைப் பண்ணித் தரேன். அழகா வந்துடும்." அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கடைசி நெடுவரிசையில ஒண்ணுமே இல்லையே சார். எடுத்துட்டா ஒரே பக்கத்துல அடங்கிடும். எடுத்துடவா?"

சுருக்கம் சார் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும்," என்றார். "அவர் எதாவது எழுதுறதா இருந்தா, எழுத இடம் வேணும்ல."